மாத்திரை ஒன்று, பெயர் பல

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்தோர் சந்திப்பில், ஓய்வுபெற்ற மருந்தாளுநரான நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளில் இரண்டையாவது கையோடு எடுத்து வாருங்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். பெரும்பாலோர் கொண்டு வந்திருக்கிறீர்கள். சிலர் டப்பாவோடே வந்துவிட்டீர்கள், இன்னும் நல்லது. கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வேலை கண்ணுக்குத்தான்.

டோலோ, கால்பால், குரோசின், பாசிமால், மெட்டாசின். இந்த ஐந்து பெயர்களில் இரண்டு மூன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்துக்குள்ளும் இருப்பது பாராசிட்டமால் என்ற ஒரே மருந்துதான். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் அங்கே டைலனால் என்று வாங்குவார்கள். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பனடால் என்பார்கள். அதுவும் இதுவே. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது, மருந்து மாறவில்லை.

பெயர் எத்தனை இருந்தால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரே மருந்தை இரண்டு மூன்று பெயர்களில் தெரியாமல் சேர்த்து விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால், இத்தனை பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

இத்தனை பெயர் ஏன்?

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயர். இதைப் பொதுப்பெயர் என்போம், ஜெனரிக் பெயர் என்று கடைகளில் சொல்வதும் இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் இந்தப் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டு வருகிறது. இது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டாவது, விற்கும் நிறுவனம் தன் சரக்குக்கு வைத்துக்கொள்ளும் பெயர். அதுதான் பிராண்ட் பெயர். அது அந்த நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தம். அரிசிக்கு மூட்டையின் மேல் ஒரு பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பொன்னியா, பாசுமதியா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? பிராண்ட் என்பது மூட்டையின் பெயர். பொதுப்பெயர் என்பது அரிசியின் பெயர்.

புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைக்கும். இருபது ஆண்டுகள் முடிந்த பிறகு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் அதைத் தயாரிக்கலாம். நம் நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. மருந்துக்கே தரவில்லை. ஆகவே வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்துகாட்டினால் போதும், விற்கலாம். 2005 வரை இந்த நிலை இருந்தது. நம் நாட்டில் இவ்வளவு மருந்து நிறுவனங்கள் வளர்ந்ததற்கும், மருந்து விலை குறைந்ததற்கும் அது ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு நிறுவனமும் தன் மாத்திரைக்கு ஒரு பெயர் வைத்ததால், பெயர்களும் பெருகின.

உங்கள் கையில் உள்ள அட்டையில் முகவரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். தயாரித்தவர் என்று ஒரு பெயரும், விற்பனை செய்பவர் என்று இன்னொரு பெயரும் பலவற்றில் இருக்கும். இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் என்று ஏதாவது ஓர் ஊரில் இருக்கும் தொழிற்சாலை, பல நிறுவனங்களுக்கு மாத்திரை செய்து கொடுக்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே மருந்து நாலு பெயரில் வெளியே வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

மருத்துவர் சீட்டில் பிராண்ட் பெயரை எழுதினால், கடைக்காரர் அதே மருந்து வேறு பிராண்டில் இருந்தாலும் தானாக மாற்றித் தரக் கூடாது என்பது விதி. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு மருந்து விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். "அது ஸ்டாக் இல்ல சார், இது அதேதான்" என்று இன்னொரு அட்டையை நீட்டுவார்கள். அது உண்மையிலேயே அதேதானா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியது நாம்தான்.

அட்டையில் எங்கே பார்ப்பது?

இப்போது அட்டையைத் திருப்புங்கள். மாத்திரை புடைத்துத் தெரியும் பக்கம் வேண்டாம், எழுத்து அச்சிட்ட பக்கம்.

முதலில் உங்கள் கண்ணில் படுவது வண்ணத்தில் அச்சிட்ட பிராண்ட் பெயராக இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். அதற்கு மேலேயோ கீழேயோ 'டேப்லெட்ஸ் ஐ.பி.' என்று முடியும் ஒரு வரி இருக்கும். 'பாராசிட்டமால் டேப்லெட்ஸ் ஐ.பி.' என்பது போல. ஐ.பி. என்றால் இந்திய மருந்தியல் தரநூல். அந்த நூலில் சொன்ன தரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அந்த எழுத்துகளுக்கு முன்னால் இருப்பதுதான் பொதுப்பெயர். 2018-இல் வந்த விதித் திருத்தம், பொதுப்பெயரைப் பிராண்ட் பெயரைவிட இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் போட வேண்டும் என்கிறது. ஆகவே சில அட்டைகளில் அதுவே மேலே பெரிதாக இருக்கும். பிராண்ட் என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அடுத்து, பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். 'ஈச் டேப்லெட் கன்டெயின்ஸ்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும். ஒவ்வொரு மாத்திரையிலும் இன்னது இருக்கிறது என்பதுதான் அது. நடுவில் 'அன்கோட்டட்', 'ஃபிலிம் கோட்டட்' என்று ஒரு சொல் கூட வரலாம், மேலே பூச்சு உண்டா இல்லையா என்பதுதான் அதன் பொருள். இந்த அட்டையிலேயே மிக முக்கியமான இடம் இந்தப் பத்திதான். மருந்தின் பெயர் ஒரு பக்கம், எத்தனை மில்லிகிராம் என்பது இன்னொரு பக்கம். ஒரு வரி இருந்தால் ஒரு மருந்து. இரண்டு வரி இருந்தால் இரண்டு மருந்து. 'எக்ஸிபியன்ட்ஸ்' என்று வந்துவிட்டால் பட்டியல் முடிந்தது. அது மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் மாவு போன்ற பொருள், மருந்து அல்ல. அதற்குக் கீழே இருக்கும் 'கலர்' என்பது சாயம்.

சிலர் அட்டையில் பெயர் நீளமாக இருக்கும். உதாரணமாக, 'ஆம்லோடிபின் பெசிலேட்' என்று எழுதி, 'இக்விவலன்ட் டு ஆம்லோடிபின் 5 மி.கி.' என்று தொடர்ந்திருக்கும். பெசிலேட் என்பது மருந்து எந்த உப்பாக இருக்கிறது என்பதைச் சொல்வது. 'இக்விவலன்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயரும் அளவும்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை.

எழுத்து மிகப் பொடியாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் ஒரு கியூ.ஆர். கட்டம் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் பொதுப்பெயர், தயாரித்தவர், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் திரையில் வரும்.

மூன்று அட்டை, ஒரு மருந்து

இப்போது நான் சொன்ன கணக்குக்கு வருவோம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், காலை ஒன்று, இரவு ஒன்று. மழைக்காலத்தில் காய்ச்சலும் சளியும் வருகிறது. காய்ச்சலுக்கு வீட்டில் இருந்த 650 மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கி, மூன்று வேளை போடுகிறார். மூன்று அட்டை, மூன்று நோய், மூன்று பெயர். அவர் கணக்கில் தவறே இல்லை.

அட்டைகளைத் திருப்புவோம். மூட்டுவலி மாத்திரையில் இரண்டு வரிகள் இருக்கின்றன: அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. காய்ச்சல் மாத்திரையில் ஒரே வரி: பாராசிட்டமால் 650 மி.கி. சளி மாத்திரையில் மூன்று வரிகள். அதில் முதல் வரி, பாராசிட்டமால் 500 மி.கி.

கூட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கு இரண்டு வேளை 325 என்றால் 650. காய்ச்சலுக்கு நான்கு முறை 650 என்றால் 2600. சளிக்கு மூன்று முறை 500 என்றால் 1500. மொத்தம் 4750 மி.கி. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய உச்ச அளவு 4000 மி.கி. வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு அதைவிடவும் குறைத்துத்தான் மருத்துவர்கள் சொல்வார்கள். நம் பெரியவர் ஒவ்வோர் அட்டையிலும் சொன்னபடியே நடந்துகொண்டு, எல்லையைத் தாண்டிவிட்டார்.

அளவு மீறிய பாராசிட்டமால் கெடுப்பது கல்லீரலை. தொல்லை என்னவென்றால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், பசியின்மை, அவ்வளவுதான். காய்ச்சலால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள் என்று தெரிய வரும். இதற்கு முறிமருந்து இருக்கிறது. ஒரே முறையில் அதிகம் விழுங்கியிருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதே கதை மற்ற வலி மாத்திரைகளுக்கும் பொருந்தும். ஓர் அட்டையில் டைக்ளோஃபெனாக், இன்னொன்றில் ஐபுப்ரொஃபென் என்று இருந்தால் பெயர் வேறுதான், ஆனால் இரண்டும் ஒரே வகை. சேர்த்துப் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். பொதுப்பெயரில் இதற்கும் ஒரு துப்பு உண்டு. ஒரே வகை மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி வால் இருக்கும். டெல்மிசார்டான், லோசார்டான் இரண்டும் இரத்த அழுத்தத்துக்கு. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் இரண்டும் வயிற்று அமிலத்துக்கு. ஒரே வாலில் முடியும் இரண்டு பெயர் உங்கள் டப்பாவில் இருந்தால், இரண்டும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எல்லா வகைக்கும் இந்த வால் கிடைக்காது. வலி மாத்திரைகளையே பாருங்கள், பெயரை வைத்து அவை உறவு என்று சொல்ல முடியாது. அதனால் சந்தேகம் வந்தாலே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு பெயர், பல மருந்து

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. பிராண்ட் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே மருந்து வேறாக இருக்கும். பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்தில்தான் வித்தியாசம்.

டெல்மா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்மா 40 என்றால் டெல்மிசார்டான் மட்டும். டெல்மா-ஹெச் என்றால் கூடவே சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்று. டெல்மா-ஏஎம் என்றால் கூடவே ஆம்லோடிபின். "டெல்மா ஒரு அட்டை குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் இதில் எது வரும்?

சர்க்கரை மாத்திரையில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. கிளைகோமெட் 500 என்றால் மெட்ஃபார்மின் மட்டும், 500 மி.கி. கிளைகோமெட்-ஜிபி 1 என்றால் மெட்ஃபார்மின் 500-உடன் கிளிமெபிரைடு 1 மி.கி. அந்த 1 என்பது மெட்ஃபார்மினின் அளவு அல்ல, கிளிமெபிரைடின் அளவு. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் வீட்டில் எந்த அட்டை இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். விரதத்தன்று என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றி வாங்கலாமா?

பொதுப்பெயர் தெரிந்தால் விலையையும் ஒப்பிடலாம். ஓர் அட்டையில் பத்து மாத்திரை இருக்கும், இன்னொன்றில் பதினைந்து. அட்டை விலையைப் பார்க்காமல் மாத்திரை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டன. அங்கே பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதி எடுத்துப் போனால் வேலை சுலபம்.

ஆனால் மாற்றுவதற்கு முன் நான்கும் பொருந்த வேண்டும். எல்லா மருந்துப் பெயர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மில்லிகிராமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாத்திரையா, கேப்ஸ்யூலா, சிரப்பா என்பது ஒன்றாக இருக்க வேண்டும். நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: மருந்து மெதுவாக வெளிப்படும் வகையா என்பது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தாலோ, 'புரொலாங்டு ரிலீஸ்' என்று எழுதியிருந்தாலோ, அது நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரைவது. அதற்குப் பதில் சாதாரண மாத்திரை வாங்கினால் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். சில மருந்துகளில் உப்பின் பெயரையும் பார்க்க வேண்டும். மெட்டோபிரோலால் சக்சினேட் மெதுவாகக் கரையும் மாத்திரையாக ஒரு நாளைக்கு ஒரு முறை கொடுப்பது. மெட்டோபிரோலால் டார்ட்ரேட் அப்படியல்ல. முதல் பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

நான்கும் பொருந்தினாலும், சிலவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. தைராய்டுக்கான தைராக்ஸின், வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின். இவற்றில் அளவு இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிவிடும். ஒரு பிராண்டில் நிலைப்படுத்தியிருந்தால் அதிலேயே இருங்கள். மாற்ற நேர்ந்தால் மருத்துவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி நேரத்தில் இரண்டு

ஓர் அம்மா கேட்டார்: "பாதி அட்டை வெட்டிக் குடுக்கறாங்களே, அதுல பேரே இல்லையே?" நியாயமான கேள்வி. பெயரும் காலாவதி நாளும் பல அட்டைகளில் ஏதாவது ஒரு ஓரத்தில்தான் இருக்கும். வெட்டும் முன் முழு அட்டையைக் காட்டச் சொல்லி, அந்தப் பத்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் தொகுதி எண்ணும் காலாவதியும் இருக்கும், ரசீது கேட்டு வாங்குங்கள். வீட்டில் சாப்பிடும்போது பெயர் இல்லாத முனையிலிருந்து மாத்திரையை எடுத்துவாருங்கள். மாத்திரைகளை எல்லாம் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டுவது வேண்டாம். வாரப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் காலி அட்டை ஒன்றையாவது கூடவே வைத்திருங்கள்.

இன்னொருவர் கேட்டார்: "இத்தனை பேரை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?" வேண்டவே வேண்டாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். அட்டையின் பெயர், உள்ளே இருக்கும் மருந்துகள், மில்லிகிராம், எந்த வேளை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். இரண்டாவது கட்டத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்த வட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் சொல்லும்வரை, எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் நீங்களாக வாங்கிச் சேர்த்ததை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

சங்க அலுவலகத்தில் இந்தக் கட்டம் போட்ட தாளை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.